தலைவலியே இல்லாதபோது இருமினால்: பின்மண்டையில் வெடிக்கும் வலியும் கீழிறங்கிய சிறுமூளையும்

தலைவலி என்று வருகிறவரிடம் "இருமினால் அதிகமாகுமா?" என்று கேட்டால் பலரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வலித்துக்கொண்டிருக்கிற தலையை எது உலுக்கினாலும் வலி கூடத்தான் செய்யும். ஒற்றைத் தலைவலிக்காரர் இருமினாலும் கூடும், மாடிப்படி ஏறினாலும் கூடும். அதனால் அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியது இன்னொன்று: "தலையில் வலி துளியும் இல்லாத நேரத்தில் இருமினால், வலி புதிதாக வருமா? வந்தால் எத்தனை நொடி இருக்கும்?"

இதற்கு ஒருவர் பிடரியைக் கையால் பிடித்துக் காட்டி, "இருமின மறுநொடியே இங்கே பட்டென்று வெடிக்கும், அரை நிமிடத்தில் இறங்கிவிடும், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை" என்றால், நினைவுக்கு வர வேண்டிய முதல் பெயர் கியாரி. சிறுமூளையின் அடிநுனி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருக்கும் நிலை அது. பிராகாவில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் கியாரி 1891-இல் அதை விவரித்தார். இறங்கும் பகுதிக்கு டான்சில் என்று பெயர். தொண்டையில் வீங்கும் டான்சிலுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நிற்பவர்களும் உண்டு.

அந்தத் துளை முன்பின்னாகச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் அதன் வழியாகக் கீழே இறங்கித் தண்டுவடமாகிறது. முகுளத்துக்குப் பின்னால் உள்ள இடத்தில் இருக்க வேண்டியது மூளைத் தண்டுவட நீர் மட்டுமே. கியாரி உள்ளவர்கள் பெரும்பாலானோருக்குச் சிறுமூளையில் குறை எதுவும் இருப்பதில்லை, அதை வைத்திருக்கும் எலும்புக் குழிதான் சிறியது. குழிக்குள் கொள்ளாதது கீழே இருக்கும் ஒரே வாசல் வழியாகப் பிதுங்கி, நீருக்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது.

ஓர் இருமலுக்குள் நடப்பது

மண்டைக்குள் இடம் அளவானது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் கொஞ்சம் ரத்தம் மூளைக்குள் பாய்கிறது. அதற்கு இடம் விட, கொஞ்சம் நீர் பெருந்துளை வழியாகத் தண்டுவட உறைக்குள் இறங்குகிறது. துடிப்பு அடங்கியதும் திரும்பி மேலே வருகிறது. நாள் முழுக்க நடக்கும் இந்தப் போக்குவரத்து நமக்குத் தெரிவதே இல்லை.

இருமும்போது மார்பிலும் வயிற்றிலும் அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. பலமான இருமலில் அது 100 மி.மீ. பாதரச அளவைத் தாண்டிவிடும். படுத்திருக்கும் ஒருவரின் மூளை நீரழுத்தம் வழக்கமாகப் 15-க்குள் இருப்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். முதுகெலும்புக் குழாய்க்குள் தண்டுவட உறையைச் சுற்றி ஒரு சிரை வலை இருக்கிறது. அதில் வால்வுகள் இல்லை. எனவே வயிற்றில் எழும் அழுத்தம் ரத்தத்தை அந்த வலைக்குள் தள்ள, வலை உப்பி, உறையைப் பிழிகிறது. உறைக்குள் இருக்கும் நீர் மேல்நோக்கி மண்டைக்குள் பாய்கிறது. இருமல் முடிந்ததும் வலை வடிகிறது, கீழே அழுத்தம் சட்டென்று விழுகிறது, மேலே போன நீர் இறங்கி வர வேண்டும்.

வாசலில் அடைப்பு இல்லாதவருக்கு அது உடனே வந்துவிடும். டான்சில் இறங்கியவருக்கு மேலே போவது எளிது, திரும்புவதுதான் சிக்கல். கீழிருந்து வரும் நீர் டான்சிலைத் தூக்கிக்கொண்டு ஓரளவு வழி பண்ணிக்கொள்கிறது. திரும்பும்போதோ அதே நீர் டான்சிலைத் துளைக்குள் அழுத்தித் தக்கைபோல இறுக்கிவிடுகிறது. சில நொடிகளுக்கு மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அந்த வேறுபாடே டான்சிலை இன்னும் கீழே இழுக்கிறது. சிறுமூளை அமர்ந்திருக்கும் பின்குழியின் உறை இழுபடுகிறது. அந்த உறையின் உணர்ச்சி நரம்புகள் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளோடு சேர்ந்தவை. அதனால்தான் வலி நெற்றியில் இல்லாமல் பின்மண்டையிலும் பிடரியிலும் வருகிறது. நீர் மெல்லக் கசிந்து இருபுறமும் சமமானதும் வலி அடங்குகிறது.

இது வெறும் ஊகம் அன்று. இங்கிலாந்தின் நரம்பு அறுவை மருத்துவர் பெர்னார்ட் வில்லியம்ஸ் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் தலையிலும் இடுப்புத் தண்டுவடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தம் அளந்து பார்த்தார். இருமிய பிறகு மேலே அழுத்தம் தங்கி நிற்பதையும், வாசலை அகலப்படுத்தியதும் அழுத்த வேறுபாடும் வலியும் சேர்ந்தே போவதையும் 1980-இல் எழுதினார்.

வலியின் குணங்கள் அனைத்தும் இந்த ஒரு விளக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தும்மல், வாய்விட்டுச் சிரிப்பது, மலச்சிக்கலில் முக்குவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமானதைத் தூக்குவது, குனிந்து செருப்பு வார் மாட்டுவது, உரக்கக் கத்துவது என எல்லாமே வயிற்றையும் மார்பையும் இறுக்குகிற செயல்கள். இருமிய கணத்துக்கும் வலிக்கும் இடையே ஒன்றிரண்டு நொடிக்கு மேல் இருக்காது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். சிலருக்கு வெடிப்பு அடங்கிய பிறகு ஒரு மந்தமான கனம் மணிக்கணக்கில் நீடிப்பதுண்டு. அவர்கள் அந்தக் கனத்தைப் பற்றியே பேசுவார்கள், தொடங்கிவைத்த இருமலைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஒரு நோயாளி, படிப்படியாக

நடைமுறையில் இது எப்படி வரும் என்று காட்ட, வழக்கமான அம்சங்களைச் சேர்த்து ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 38 வயதுப் பெண், ஆசிரியை. இரண்டு வருடமாகத் தலைவலி. முதலில் சைனஸ் என்று மருந்து, பிறகு ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை. தலை சி.டி. எடுத்து, சரியாக இருக்கிறது என்று அறிக்கை. வகுப்பில் குரலை உயர்த்தினால் பின்மண்டையில் அடிப்பதுபோல் வலி, சளி பிடித்தால் இரண்டு வாரம் நரகம். ஒவ்வொரு முறையும் 20, 30 நொடி. நடுவில் தலையில் எதுவும் இல்லை.

இங்கேயே இரண்டு தவறுகள் நடந்துவிட்டன. ஒன்று, நொடிக்கணக்கில் வரும் வலியை மணிக்கணக்கில் வரும் ஒற்றைத் தலைவலியோடு சேர்த்தது. இரண்டு, சி.டி.யை நம்பியது. மண்டையின் அடிப்பகுதியில் தடித்த எலும்புகள் சூழ்ந்திருப்பதால் சி.டி.யில் அந்த இடம் கோடு கோடாக மங்கும். படங்கள் வழக்கமாகக் கிடைவெட்டாக எடுக்கப்படுவதால் பெருந்துளைக்கு மேலேயே நின்றுவிடவும் வாய்ப்புண்டு. கேட்க வேண்டியது எம்.ஆர்.ஐ.; அதிலும் மூக்கு முதல் பிடரி வரை தலையை நடுவில் பிளந்தாற்போல் காட்டும் வெட்டு.

பரிசோதனையில் விழித்திரையைப் பார்க்க வேண்டும், பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் கதை வேறு. கண்ணைப் பக்கவாட்டிலும் கீழேயும் ஓட்டச் சொல்லி, விழி கீழ்நோக்கித் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கோட்டில் குதிகால் நுனிவிரல் ஒட்டி நடக்கச் சொல்ல வேண்டும். விழுங்கும்போது புரையேறுகிறதா, குரல் மாறியிருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் இவருக்கு இல்லை. ஆனால் வலதுகை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் சிறு தீத்தழும்பு இருக்கிறது. எப்போது சுட்டது என்று கேட்டால், "தெரியவில்லை, கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன்" என்கிறார். பஞ்சால் தொட்டால் அந்த விரல்களில் தெரிகிறது. குண்டூசியால் குத்தினாலும் சூடான குழாயை வைத்தாலும் தெரியவில்லை.

இந்தச் சிறு தழும்புதான் மொத்தப் பரிசோதனையிலும் முக்கியமான தடயம். வாசல் அடைபட்டதால் நீரின் ஓட்டம் கெட்டு, காலப்போக்கில் தண்டுவடத்தின் நடுவிலேயே ஒரு நீர்க்குழி உருவாகலாம். வலியையும் வெப்பத்தையும் ஏந்திவரும் இழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் குறுக்கே கடக்கின்றன. குழி முதலில் நசுக்குவது அவற்றை. தொடு உணர்வு பின்புறப் பாதையில் போவதால் தப்பிவிடுகிறது. அதனால் கை மரத்துவிட்டது என்று நோயாளிக்கே தோன்றாது, சுட்டது தெரியாமல் போவதுதான் அறிகுறி.

எம்.ஆர்.ஐ. நடுவெட்டில் பெருந்துளையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு ஒரு கோடு போட்டு, அதற்குச் செங்குத்தாக டான்சிலின் நுனிவரை அளப்பார்கள். பெரியவர்களுக்கு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கியாரி. 3 முதல் 5 வரை இடைப்பட்டது. துளையைச் சுற்றி நீருக்கு இடமே இல்லாமல் நெருக்கியிருந்தால் மட்டும் கணக்கில் வரும். வயதோடு டான்சில் சற்றே மேலேறும் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு 6 மி.மீ. வரைகூட இயல்பாக இருக்கலாம். நம் ஆசிரியைக்கு 9 மி.மீ. நுனி உருண்டையாக இல்லாமல் ஆப்புபோலக் கூர்ந்திருக்கிறது. முகுளத்தின் பின்னால் நீரின் பளிச்சென்ற வெண்மை காணவில்லை. முதுகெலும்பு முழுவதையும் எடுத்த படத்தில், கீழ்க்கழுத்திலிருந்து மேல்முதுகு வரை தண்டுவடத்துக்குள் நீர்க்குழி.

அந்த மி.மீ. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஏமாற வேண்டியிருக்கும். வேறு எதற்கோ தலையைப் படமெடுத்தபோது தற்செயலாக இதைக் கண்டுபிடிப்பது அரிதில்லை. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் வராது. 12 மி.மீ. இறங்கி நிம்மதியாக இருப்பவரும் உண்டு, 5 மி.மீ.க்கே இரும முடியாமல் தவிப்பவரும் உண்டு. வாசலில் நீர் ஓடுகிறதா என்பதுதான் வலியைத் தீர்மானிக்கிறது. அதைக் காட்டும் வகை எம்.ஆர்.ஐ. உண்டு, நாடித்துடிப்போடு இணைத்து, ஒரு துடிப்புக்குள் நீர் மேலும் கீழும் போவதைப் படமாக்கும். இடைப்பட்ட அளவுகளில் முடிவெடுக்க அது உதவும். ஆனாலும் என் கணக்கில் அந்தப் படத்தைவிட, "வலி இல்லாதபோது இருமினால் வருமா" என்ற கேள்விக்கான பதிலுக்கே எடை அதிகம்.

வேறு எவையெல்லாம் இப்படி வலிக்கும்

எந்தக் காரணமும் இல்லாத இருமல் தலைவலியும் இருக்கிறது. ஸ்பெயினின் நரம்பியல் மருத்துவர் ஹூலியோ பாஸ்குவல் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இருமல் தலைவலிக்காரர்கள் 30 பேர். அதில் 17 பேருக்கு உள்ளே காரணம் இருந்தது, 17-உம் கியாரிதான். அவர்களின் சராசரி வயது 39. காரணம் இல்லாத 13 பேரின் சராசரி வயது 67. நாற்பதுக்குள் இருப்பவருக்கு இருமல் தலைவலி என்றாலே எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடக்கூடாது என்பதற்கு இந்த எண்களே போதும். அறுபதைத் தாண்டியவருக்கும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும், எதிர்பார்ப்பு மட்டும் வேறு.

காரணம் இல்லாத வகைக்கு இண்டோமெதசின் நன்றாகக் கேட்கும். 25 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். இரைப்பைக்கு ஒரு காப்பு மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஆகாது. இதில் ஒரு பொறி இருக்கிறது: கியாரி உள்ள சிலருக்கும் இந்த மருந்தில் வலி குறைகிறது. மருந்து கேட்டுவிட்டது, எனவே உள்ளே ஒன்றும் இல்லை என்று படமெடுக்காமல் விட்டால் நீர்க்குழி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

இதைவிட ஆபத்தான பொறி நீர்க்கசிவு. முதுகெலும்பில் எங்கோ உறை கிழிந்து மூளை நீர் கசிந்தால், மிதக்க நீரில்லாமல் மூளை முழுவதுமே கீழே தொய்கிறது. டான்சிலும் 5 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடலாம், இருமினாலும் வலிக்கலாம். கோட்டையும் அளவுகோலையும் மட்டும் பார்த்தால் அச்சு அசல் கியாரி. இவருக்கு வாசலை வெட்டி அகலப்படுத்தினால் மூளை இன்னும் தொய்யும். பிரித்தறிய நோயாளியைக் கேட்டாலே போதும்: எழுந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வலி வந்து, படுத்தால் தணிகிறதா? அப்படியென்றால் கசிவைத் தேட வேண்டும். மை ஊசி போட்டு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையுறை முழுக்க ஒளிரும், பிட்யூட்டரி சுரப்பி உப்பியிருக்கும், மூளைத்தண்டின் முன்புறம் எலும்பில் சாய்ந்து தட்டையாகியிருக்கும். கியாரியில் இவை இருக்காது.

மண்டைக்குள் அழுத்தம் கூடினாலும் டான்சில் கீழே தள்ளப்படும். விழித்திரையைப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். பின்குழியில் வளரும் கட்டியும் இப்படியே தொடங்கலாம். வாழ்வில் முதல்முறையாக, இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், இறங்காமல் நிற்கும் தலைவலி என்றால், அது இருமலில் தொடங்கியிருந்தாலும் கியாரி என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அது ரத்தக்கசிவாக இருக்கலாம், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியது.

படம் எடுக்கும் முன்பே இடுப்பில் ஊசி போட்டு நீர் எடுப்பது கூடாது. கீழே நீர் குறைந்தால் தக்கை இன்னும் இறுகும், முகுளம் நசுங்கலாம். பிரசவத்துக்கோ வேறு அறுவைக்கோ முதுகில் மயக்க ஊசி போட வேண்டி வந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தைச் சொடுக்கி நெட்டி முறிக்கும் வைத்தியத்துக்குப் போகவே வேண்டாம்.

எப்போது வெட்டுவது, எதற்காக

வலி எப்போதாவது வருகிறது, நரம்புக் குறை இல்லை, நீர்க்குழி இல்லை என்றால் அவசரம் ஒன்றும் இல்லை. இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் வைத்தியம் பார்த்து, மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்காமல் இருந்து, குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்துப் பார்க்கலாம். இருமலே வாழ்க்கையைக் கெடுக்கிறது, அல்லது நீர்க்குழி, விழுங்கும் சிரமம், நடைத் தள்ளாட்டம் இருக்கிறது என்றால் அறுவைதான் வழி. மாத்திரையால் துளையை அகலமாக்க முடியாது.

குப்புறப் படுக்கவைத்து, தலையை ஊசிப்பிடிப்பில் நிறுத்தி, பிடரியின் நடுக்கோட்டில் கீறித் தசைகளை விலக்குவார்கள். பெருந்துளையின் பின் விளிம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் அகல உயரத்துக்கு எலும்பை எடுத்து, முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் நீக்குவார்கள். பேராசையாக அதிகம் எடுத்தால் தாங்க எலும்பில்லாமல் சிறுமூளையே அந்தப் பள்ளத்தில் சரிந்துவிடும், அப்புறம் அதற்கொரு தலைவலி. பிறகு உறையை ஆங்கில ஒய் எழுத்து வடிவில் திறந்து, மண்டையோட்டின் மேலிருந்து எடுத்த சவ்வையே ஒட்டாகத் தைத்து உறையை அகலப்படுத்துவார்கள். தையல் முடிந்ததும் மயக்க மருத்துவர் நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி நிறுத்திப் பிடிப்பார். அறுவை மேசையிலேயே செயற்கையாக ஓர் இருமல் என்று வைத்துக்கொள்ளலாம். தையலில் நீர் கசிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

உறையைத் திறக்காமல் எலும்போடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அதில் கசிவும் மூளையுறை அழற்சியும் குறைவு, மறுபடி அறுவை செய்ய வேண்டி வருவது அதிகம். நீர்க்குழி பெரிதாக இருந்தால் திறந்துவிடுவதே நல்லது என்று பலர் கருதுகிறார்கள். திறந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியது காயத்தின் அடியில் மெத்தென்று எழும் வீக்கம், தையல் வழியே தெளிந்த நீர், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவைதான்.

எந்த வலி போகும் என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும். இருமினால் வெடிக்கும் பின்மண்டை வலிதான் இந்த அறுவைக்கு மிக நன்றாகக் கேட்பது, பலருக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் முன்பே காணாமல் போகிறது. அதே ஆளுக்கு ஒரு பக்கப் பொட்டில் துடித்து வாந்தி வரும் ஒற்றைத் தலைவலியும் இருந்தால் அது அப்படியே இருக்கும். டான்சில் இறங்கியிருக்கிறது என்பதற்காக அந்த வலிக்கு அறுவை செய்தவர்கள்தான் பிறகு ஏமாற்றத்தோடு திரும்பி வருகிறார்கள்.

நம் ஆசிரியைக்கு அறுவை முடிந்த நான்காம் நாள் தும்மல் வருகிறது. பழக்கத்தில் இரு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொள்கிறார், காயம் இழுக்கிறதே தவிர வெடிப்பு வரவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் நீர்க்குழி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது, டான்சிலின் நுனி கூர்மை இழந்து உருண்டிருக்கிறது. விரல்களில் சூடு இன்னும் தெரியவில்லை. குழி சுருங்கினாலும், நசுங்கிப்போன இழைகள் திரும்புவது அரிது. தண்ணீர் சுடுகிறதா என்று பார்க்க அவர் இப்போது இடதுகையைத்தான் நீட்டுகிறார்.